மகளின் பேறு பார்க்க லண்டன் பயணம்: விசாக் கடிதத்தில் என்ன எழுதுவது?

வாசகர் கடிதம்

ஐயா, நான் நீர்வேலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 62. மகளும் மருமகனும் லண்டன் ஹரோவில் நிரந்தர வதிவிடத்தோடு இருக்கிறார்கள். மகளுக்கு முதல் பிள்ளை, ஏப்ரல் 12 என்று திகதி கொடுத்திருக்கிறார்கள். பேறு பார்க்க நான் தனியாகப் போக வேண்டும். இவர் இங்கே வாழைத் தோட்டத்தோடு நிற்பார். இளைய மகன் யாழ். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். விசா அலுவல் செய்து கொடுக்கும் ஒருவர், "பேறு பார்க்கப் போறன் எண்டு எழுதினால் றிஜெக்ற் பண்ணுவாங்கள், சுற்றிப் பார்க்க எண்டு போடுவம்" என்கிறார். கணக்கில் 20 இலட்சம் காட்ட வேண்டுமாம், அதை வட்டிக்கு அவரே ஒழுங்கு செய்வாராம். 2019இல் கனடாவில் அண்ணாவிடம் போகப் போட்ட விசா மறுக்கப்பட்டது. அதைச் சொல்லத் தேவையில்லையாம். வீட்டு உறுதியை இணைக்கச் சொல்கிறார், ஆனால் வீட்டை மகளின் கலியாணத்தோடு சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆறு மாதமும் நின்று, மகள் வேலைக்குத் திரும்பினால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது மருமகனின் எண்ணம். கடிதம் எழுத மட்டும் 35,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா? அதில் என்னதான் எழுத வேண்டும்?

— ஓய்வுபெற்ற ரீச்சர், நீர்வேலி

சட்டத்தரணியின் பதில்

ரீச்சர், அந்த 35,000 ரூபாவைக் கொடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை உங்களை விட நன்றாக எழுதக்கூடிய ஆள் யாழ்ப்பாணத்தில் இல்லை. அவர் எழுதித் தருவது ஏற்கெனவே பலருக்குப் பெயர் மாற்றிக் கொடுத்த கடிதமாகத்தான் இருக்கும். "பெருமைமிக்க உங்கள் நாட்டின் அழகைக் காணும் ஆவல்" என்று தொடங்கும் அந்த வகைக் கடிதங்களை நானும் கண்டிருக்கிறேன். விசா அலுவலர் என்னை விட அதிகம் கண்டிருப்பார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிரித்தானிய வருகையாளர் விசாவுக்கு விளக்கக் கடிதம் கட்டாயமில்லை. கடிதம் இல்லை என்பதற்காக ஒருவரும் மறுக்கப்படுவதில்லை, கடிதம் அழகாக இருக்கிறது என்பதற்காக விசா கிடைப்பதும் இல்லை. கொழும்பில் கைரேகையும் படமும் எடுப்பவர்கள் முடிவு எடுப்பவர்கள் அல்ல. முடிவு எடுப்பவர் பெரும்பாலும் உங்களை நேரில் காணாமலே, இணையப் படிவத்தையும் இணைத்த ஆவணங்களையும் வைத்து முடிவு செய்வார். அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த அம்மா சொல்லும் காரணத்துக்காகத்தான் வருகிறாரா, சொன்ன காலத்தில் திரும்பிப் போவாரா? படிவத்தில் தனித்தனியாகக் கிடக்கும் திகதி, தொகை, பெயர் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்று சொல்ல உங்களுக்குக் கிடைக்கும் இடம் இந்தக் கடிதம். அதனால் ஆவணங்கள் சொல்லாத எதையும் அது சொல்லக்கூடாது.

பேறு மறைக்க வேண்டிய காரணம் அல்ல

"சுற்றிப் பார்க்க" என்று எழுதச் சொன்னவர் உங்கள் பக்கத்தின் பலமான காரணத்தை எடுத்துவிட்டுப் பலவீனமானதை வைக்கச் சொல்கிறார். 62 வயதுப் பெண் ஒருவர் கணவரை விட்டுவிட்டுத் தனியாக மாதக் கணக்கில் லண்டனைச் சுற்றிப் பார்க்கப் போகிறார் என்றால் யார்தான் நம்புவார்? மகளுக்கு முதல் பேறு, தாய் போகிறார் என்றால் அதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. குடும்பத்தவரைப் பார்க்க வருவது அந்த விசாவில் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்ட நோக்கம்.

ஆனால் மருமகனின் எண்ணம் வேறு விஷயம். சிக்கல் இருப்பது அங்கேதான். உறவினர் ஒருவர் குறுகிய காலம் வந்து பிள்ளையைக் கவனிக்க உதவுவதை அந்த நாட்டு விசா வழிகாட்டல் ஏற்றுக்கொள்கிறது. அது பிள்ளை பராமரிக்கும் வேலையாக மாறிவிடக்கூடாது என்பதுதான் நிபந்தனை. மகள் பேறுகால விடுமுறையில் வீட்டில் இருக்கும்போது நீங்கள் கூட நிற்பது உதவி. மகள் வேலைக்குப் போக, நீங்கள் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது நேர்சரிக் காசை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடாகத்தான் தெரியும். எழுதாமல் விட்டால் சரி என்றும் நினைக்க வேண்டாம். உண்மையான திட்டம் அதுதான் என்றால் கடிதத்தை மாற்றிப் பயனில்லை, திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். மருமகனிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

ஆறு மாதம் என்பது அந்த விசா அனுமதிக்கும் ஆகக்கூடிய காலம். அவ்வளவும் நின்றால்தான் காசுக்குப் பெறுமதி என்ற கணக்கில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆறு மாதம் கேட்கிறார்கள். கேட்கும் நாள் கூடக் கூட, அவ்வளவு நாள் இங்கே உங்கள் வீடும் வேலையும் எப்படி நடக்கும் என்ற கேள்வியும் கூடும். உங்களுக்கு நான் ஏப்ரல் 1 முதல் ஜூன் 24 வரை, சரியாகப் பன்னிரண்டு கிழமை போடச் சொல்வேன். இந்தத் திகதிகளுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. பேற்றுக்குப் பத்து நாள் முன்னே போய்ச் சேர வேண்டும். அங்கே தகப்பனுக்குச் சட்டப்படி கிடைக்கும் பேறுகால விடுமுறை இரண்டு கிழமைதான், அதற்குப் பிறகு பகலில் மகள் தனித்துவிடுவார். எங்கள் வழக்கப்படி முப்பத்தொன்று கழிக்க வேண்டும். பிள்ளைக்கு அங்கே எட்டாவது கிழமையில் முதல் தடுப்பூசி போடுவார்கள், அது ஜூன் முதல் வாரத்தில் வரும். அதன் பிறகு இரண்டரைக் கிழமையில் நீங்கள் திரும்பலாம்.

பயணத் திகதிக்கு மூன்று மாதத்துக்கு முன் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே ஜனவரி பிறந்த பிறகுதான் போடலாம். கைரேகை கொடுத்த பின் சாதாரணமாக மூன்று கிழமையில் முடிவு வரும். ஜனவரி நடுப்பகுதியில் போட்டால் இடைவெளி போதும். பேற்றுத் திகதிக்கு ஆதாரமாக மகள் தன் மருத்துவமாதுவிடம் பேறுகாலச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். அங்கே அதை "மற் பி1" என்பார்கள். பேற்றுக்கு இருபது கிழமைக்கு முன் அதைக் கொடுக்கமாட்டார்கள், ஜனவரியில் கட்டாயம் கையில் இருக்கும். ஸ்கான் படங்களை அனுப்பத் தேவையில்லை, திகதி போட்ட அந்த ஒரு தாள் போதும்.

20 இலட்சமும் உங்கள் கணக்கும்

கணக்கில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு தொகை அந்த விதிகளில் எங்கும் இல்லை. பயணத்துக்கும் தங்குவதற்கும் திரும்புவதற்கும் பணம் இருக்கிறதா, அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

உங்கள் வங்கிக் கூற்றை அலுவலரின் கண்ணால் ஒரு தரம் பாருங்கள். மாதாமாதம் 58,000 ரூபா ஓய்வூதியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாலு நாளில் ஒரு பகுதியை எடுக்கிறீர்கள், மின்சாரக் கட்டணம் போகிறது, மீதி மூன்றரை இலட்சத்துக்குக் கிட்ட மெதுவாக ஏறி இறங்குகிறது. இப்படி ஐந்து மாதம். ஆறாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை 20 இலட்சம் ஒரே வரியில் வந்து விழுகிறது. அடுத்த கிழமை வங்கியில் மீதிச் சான்றிதழ் எடுக்கப்படுகிறது. அந்த ஒரு வரி முன்னைய ஐந்து மாதத்தின் நேர்மையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அதை "என் சேமிப்பு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அது பொய்க் கூற்று. ஏமாற்று என்று அவர்கள் தீர்மானித்தால் அந்த விண்ணப்பம் மட்டுமல்ல, அடுத்த பத்து வருடத்துக்குப் போடும் விண்ணப்பங்களும் மறுக்கப்படலாம். பேரப்பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடும், ரீச்சர். வட்டிக் காசு போனது தனி.

உங்களுக்கு அந்தக் காசு தேவையே இல்லை. விமான ரிக்கெற்றையும் தங்குவதையும் சாப்பாட்டையும் மகளும் மருமகனும் பார்ப்பதென்றால் அதை அப்படியே சொல்லலாம். உறவினர் செலவை ஏற்பதை விதி அனுமதிக்கிறது. உறவு உண்மையாக இருக்க வேண்டும், அவர்கள் அங்கே சட்டப்படி இருக்க வேண்டும், சொன்ன காலம் முழுக்கச் செலவைத் தாங்கக்கூடியவர்களாகவும் தாங்குவார்கள் என்று நம்பக்கூடியவர்களாகவும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. செலவை ஏற்பவர் மகள் என்று போட்டு மகளின் சம்பளச் சிட்டைகளை மட்டும் அனுப்புவார்கள். ஆனால் நீங்கள் நிற்கப்போகும் காலத்தில் மகள் பேறுகால விடுமுறையில் இருப்பார். சட்டப்படியான பேறுகாலக் கொடுப்பனவு முதல் ஆறு கிழமைக்குச் சம்பளத்தில் 90 வீதம், பிறகு பெரும்பாலானோருக்கு அதைவிட மிகக் குறைந்த ஒரு நிலையான தொகை. அந்தச் சிட்டைகளைப் பார்க்கும் அலுவலருக்கே பேற்றுச் சான்றிதழையும் கொடுத்துவிட்டு, அந்தச் சம்பளம் தொடரும் என்று அவரை நம்பச் சொல்ல முடியாது. செலவை ஏற்பவராக மருமகனை முன்னே வையுங்கள். அவருடைய ஆறு மாதச் சம்பளச் சிட்டை, அந்தச் சம்பளம் விழும் கணக்கின் கூற்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், இருவரின் வதிவிட உரிமைக்கான ஆதாரம், இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் ஆகியவை வேண்டும். மகளுக்கும் உங்களுக்கும் உள்ள உறவுக்கு மகளின் பிறப்புச் சான்றிதழ், மருமகனுக்கு அவர்களின் விவாகப் பதிவு.

உங்கள் பங்குச் செலவையும் காட்டுங்கள். விசாக் கட்டணம், கொழும்புப் பயணம், பிள்ளைக்கு வாங்குவது, கைச்செலவு என்று ஒன்றரை இலட்சம் வரும் என்றால், மூன்றரை இலட்சச் சேமிப்பில் அது பொருந்தும். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறீர்கள் என்றால், வங்கியில் போடாவிட்டாலும் படிவத்தில் வருமானமாகச் சொல்லுங்கள், கடிதத்தில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு வரி எழுதுங்கள். படிவத்தில் ஒரு வருமானமும் கடிதத்தில் இன்னொன்றும் கூற்றில் மூன்றாவதும் இருப்பதுதான் உண்மையான ஆட்களுக்கும் மறுப்பு வரும் வழி.

சீதன வீடு

உறுதியை உங்கள் சொத்தென்று இணைக்க வேண்டாம். நன்கொடையாகவோ சீதனமாகவோ எழுதிக் கொடுத்த பிறகு தேசவழமைப்படி அது மகளின் தனிச் சொத்து. உறுதியை மொழிபெயர்த்து அனுப்பினால் அலுவலர் வாசிக்கப்போவது என்ன? இந்த அம்மா தன் வீட்டை லண்டனில் இருக்கும் மகளுக்குக் கொடுத்துவிட்டார் என்பது. திரும்பி வருவதற்கான ஆதாரமாக நீங்கள் அனுப்பும் தாள் எதிர்ப்பக்கத்துக்குச் சாட்சி சொல்லும்.

ஆனால் உறுதியை எடுத்து ஒரு தரம் வாசியுங்கள். எழுதிய நொத்தாரிசு பெற்றோருக்குச் சீவிய உரித்து வைத்திருந்தால், நீங்களும் கணவரும் சாகும்வரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமை சட்டப்படி உங்களிடம் இருக்கிறது. அப்போது அந்தப் பந்தியை மொழிபெயர்ப்போடு காட்டலாம். அது இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. "வீடு மகளின் பெயரில் இருக்கிறது, நாங்கள் அதில் வசிக்கிறோம்" என்று எழுதுங்கள். கொழும்புத் தொடர்மாடியிலோ வெள்ளவத்தையிலோ இருப்பவர்கள் பலருக்கும் சொந்த வீடு இல்லை, அவர்களுக்கும் விசா கிடைக்கிறது.

நாட்டோடு உள்ள பிணைப்பு என்றதும் எங்கள் ஆட்கள் உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும்தான் தூக்குகிறார்கள். உங்களைத் திரும்ப இழுப்பவை வேறு. கணவர் இங்கே நிற்கிறார், தோட்டத்தை விட்டு அவரால் வர முடியாது. மகன் இன்னும் படிக்கிறார், அவருக்குச் செலவழிப்பது நீங்கள் இருவரும். வீட்டுக்கு வந்து படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களும்தான். இவற்றுக்குத் தாள் தேடுங்கள்: உங்கள் விவாகப் பதிவு, மகனின் பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம், கணவர் சங்கத்துக்கோ சந்தைக்கோ குலை கொடுத்த துண்டுகள். ஓய்வூதியக் கடிதத்தையும் வையுங்கள், ஆனால் அதன் எல்லை தெரிந்து வையுங்கள். ஓய்வூதியம் நீங்கள் எங்கே இருந்தாலும் கணக்கில் விழும். அது உங்கள் வருமானத்துக்கு நல்ல ஆதாரம், திரும்பி வருவீர்கள் என்பதற்கு அரைகுறை ஆதாரம்தான்.

விதானையாரின் நற்சான்று, கோயில் தர்மகர்த்தாவின் கடிதம், சமாதான நீதவானின் சத்தியக் கடதாசி, சேவைக்காலப் பாராட்டுப் பத்திரங்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பொதுவாக அனுப்பத் தேவையில்லாதவை என்று விசா கொடுப்பவர்களே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் விமான முற்பதிவு, குடும்பப் படங்கள், பயணக் காப்புறுதி, நொத்தாரிசுச் சான்றிதழ்கள், அங்குள்ளவரின் மின்சார, தண்ணீர் பில்கள் எல்லாம் வருகின்றன. முற்பதிவுக்காக இப்போதே ரிக்கெற்றுக்குக் காசு கட்டுவதும் வீண். காப்புறுதியை விசாவுக்காக அல்ல, உங்களுக்காக எடுங்கள். அங்கே அரச மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் வருகையாளரிடம் வழக்கமான செலவின் ஒன்றரை மடங்கு அறவிடுகிறார்கள்.

2019 மறுப்பு

வேறு நாடுகளிலும் விசா மறுக்கப்பட்டதா என்று படிவம் நேரடியாகக் கேட்கிறது. ஆம் என்றுதான் பதில். கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா ஆகிய ஐந்தும் குடிவரவுத் தகவல்களையும் கைரேகைகளையும் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மறுக்கப்பட்டது குற்றமில்லை, அதை இல்லை என்பது குற்றம். படிவத்தை நிரப்பியவர் உங்களுக்குத் தெரியாமல் இல்லை என்று போட்டாலும் விண்ணப்பம் மறுக்கப்படலாம், தெரிந்து செய்தீர்கள் என்று கண்டால் மேலே சொன்ன பத்து வருடம்.

மறுப்புக் கடிதத்தைத் தேடி எடுங்கள். அன்று என்ன காரணம் சொன்னார்கள், இன்று எது மாறியிருக்கிறது என்று இரண்டு வரி போதும். அதற்குப் பிறகு இந்தியாவுக்காவது போய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்ச் சிதம்பரம் கும்பிட்டுத் திரும்பிய முத்திரையும் குறித்த காலத்தில் திரும்பியதற்கு ஆதாரம்தான்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

ஒரு பக்கம், கூடினால் ஒன்றரை. மேலே உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி, பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், விண்ணப்ப இலக்கம், திகதி. நுழைவு அனுமதி அலுவலருக்கு என்று விலாசமிட்டால் போதும். முதலில் தமிழில் எழுதி, பிறகு மகன் அதை எளிய ஆங்கிலத்தில் போடட்டும். உங்கள் விபரங்களை வைத்து நான் எழுதிப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும். தொகைகளையும், வகுப்பு, இந்தியப் பயணம் போல நான் ஊகித்துப் போட்டவற்றையும் உங்கள் உண்மை விபரங்களால் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாததை எடுத்துவிடுங்கள்.

*"நான் ஓய்வுபெற்ற அரச பாடசாலை ஆசிரியை. ஏப்ரல் 1 முதல் ஜூன் 24 வரை ஹரோவில் வசிக்கும் என் மகளிடம் தங்குவதற்கு வருகையாளர் விசா கோருகிறேன். மகளுக்கு முதல் பிள்ளை ஏப்ரல் 12 அளவில் பிறக்க இருக்கிறது (ஆவணம் 1). மருமகனின் விடுமுறை இரண்டு கிழமையில் முடிந்துவிடும். பேற்றுக்குப் பிந்திய 31 நாளும் தாய் வீட்டார் கூட நின்று சமைத்துக் கவனிப்பது எங்கள் வழக்கம். பிள்ளையின் எட்டாம் கிழமைத் தடுப்பூசி முடிந்த பின் திரும்புவேன். மகள் நான் நிற்கும் காலம் முழுக்கப் பேறுகால விடுமுறையில் வீட்டில் இருப்பார்.*

*விமானப் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றின் செலவை மருமகன் ஏற்கிறார். அவருடைய கடிதம், சம்பளச் சிட்டைகள், வங்கிக் கூற்று ஆவணம் 2 முதல் 4 வரை. அவர்களின் வாடகை வீட்டில் இரண்டு படுக்கையறைகள் உள்ளன, ஒன்றில் நான் தங்குவேன் (ஆவணம் 5). என் சொந்தச் செலவு ஏறத்தாழ 150,000 ரூபா. அதை என் சேமிப்பிலிருந்து செய்கிறேன் (ஆவணம் 6). என் மாத ஓய்வூதியம் 58,000 ரூபா. வீட்டில் ஒன்பது பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதில் மாதம் 18,000 ரூபா கிடைக்கிறது. அது பணமாகக் கிடைப்பதால் வங்கிக் கூற்றில் காணப்படாது.*

*என் கணவர் நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்கிறார், இந்தப் பயணத்தில் அவர் வரவில்லை. இளைய மகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறார், எங்களோடு வசிக்கிறார். நாங்கள் இருக்கும் வீடு மகளின் திருமணத்தின்போது அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதில் தொடர்ந்து நாங்களே வசிக்கிறோம். நான் இல்லாத காலத்தில் வகுப்பை முன்னாள் சக ஆசிரியை ஒருவர் பார்ப்பார். ஜூலை முதல் வாரத்தில் மீண்டும் தொடங்குவேன்.*

*2019இல் கனடாவுக்கான வருகையாளர் விசா எனக்கு மறுக்கப்பட்டது. அந்தக் கடிதம் ஆவணம் 12. அப்போது எனக்கு வெளிநாட்டுப் பயண அனுபவம் இருக்கவில்லை. அதன் பின் கணவரோடு இந்தியா சென்று குறித்த காலத்தில் திரும்பியிருக்கிறேன்."*

இதில் "தயவுசெய்து", "நம்புகிறேன்", "உறுதியளிக்கிறேன்" என்று எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்வதால் ஒன்றும் ஆகாது. ஜூலையில் வகுப்பு தொடங்குகிறது என்பது அதை விட அதிகம் சொல்லும். சொல்வதோடு ஆவண இலக்கம் வருவதையும் பாருங்கள், நான் போடாமல் விட்ட 7 முதல் 11 வரையான இலக்கங்களை மற்றத் தாள்களுக்கு நீங்கள் போடுங்கள். தாள்களின் மேல் மூலையில் அதே இலக்கத்தை எழுதி, அதே ஒழுங்கில் பதிவேற்றுங்கள்.

இன்னொரு சிறு தலையிடி, எங்கள் பெயர்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஒரு மாதிரியும் உங்கள் கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்து வேறு மாதிரியும் இருக்கக்கூடும். தமிழ்ச் சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பு சரியென்ற உறுதிமொழி, திகதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விபரம் எல்லாம் இருக்க வேண்டும். எழுத்து வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படிவம் நிரப்ப உதவி தேவையென்றால் எவரிடமும் பெறலாம். ஆனால் விண்ணப்பக் கணக்கை உங்கள் அல்லது மகனின் மின்னஞ்சலில் திறக்கச் சொல்லுங்கள், முகவரின் மின்னஞ்சலில் வேண்டாம். கட்டணம் கட்டும் முன் நிரப்பிய படிவத்தை இறக்கி எடுத்து, கடிதத்தைப் பக்கத்தில் வைத்துத் திகதி, தொகை, மறுப்பு ஆகிய மூன்றையும் ஒத்துப் பாருங்கள். விடைத்தாள் திருத்திய உங்களுக்கு அரை மணி நேர வேலை.

இவ்வளவும் செய்தும் மறுப்பு வரலாம். வருகையாளர் விசாவுக்குச் சாதாரணமாக மேன்முறையீடு கிடையாது, மீண்டும் விண்ணப்பிக்கலாம். அப்படி வந்தால் அடுத்த நாளே அதே தாள்களோடு போடாமல், மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணத்துக்குப் புதிதாக ஒரு ஆதாரம் கிடைக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். ஜனவரி நடுப்பகுதியில் தொடங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் அது. இரண்டாம் தரம் போடுவதற்கும் மார்ச்சுக்குள் இடம் இருக்கும்.

விசா கிடைத்தால் கடிதத்தின் பிரதி ஒன்றையும் மருமகனின் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் சரக்குப் பொடியோடு வேண்டாம். விமான நிலையத்தில் எத்தனை நாள் நிற்கப் போகிறீர்கள் என்று கேட்டால் ஜூன் 24 என்பதுதான் பதில், "ஆறு மாத விசா இருக்கு" என்பதல்ல. சில வேளை வெளியே காத்து நிற்பவருக்கும் தொலைபேசி எடுத்து அதையே கேட்பார்கள். அந்தத் திகதி மருமகனுக்கும் தெரிந்திருக்கட்டும்.